தவறான பில்லுக்கு மன்னிப்பும், திருத்திய கணக்கும்

கும்பகோணம்
29 அக்டோபர் 2025

பெறுநர்: திரு. ராமநாதன் அவர்கள், சென்னை
பொருள்: அறை எண் 208, அக்டோபர் 25 முதல் 28 வரை தங்கியதற்கான பில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று இரவு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை இன்று காலை படித்தேன். உங்கள் பில், உணவக ஆர்டர் சீட்டுகள், ஹவுஸ்கீப்பிங் பதிவேடு எல்லாவற்றையும் எடுத்து வைத்து நானே ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். நீங்கள் சுட்டிக்காட்டிய மூன்றுமே எங்கள் தவறுகள்தான். உங்களிடமும் உங்கள் தாயாரிடமும் எங்கள் விடுதியின் சார்பில் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதிகம் வலித்தது அதுதான் என்று தெரிகிறது. 27ஆம் தேதி இரவு 8.40க்குச் சிக்கன் பிரியாணியும் பெப்பர் சிக்கனும் உங்கள் அறைக்கு வந்ததாக பில்லில் இருந்தது. அன்று சூரசம்ஹாரம். மாலை நாலரை மணிக்கே சாவியை ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு நீங்கள் எல்லோரும் சுவாமிமலைக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பிச் சாவி வாங்கியது இரவு பத்தரைக்குப் பிறகு. இது எங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்த ஆர்டர் உண்மையில் 203ஆம் அறையுடையது. சீட்டில் அவசரமாக எழுதிய 3, பில் போட்டவருக்கு 8 ஆகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சீட்டில் விருந்தினர் கையெழுத்தே இல்லை. கையெழுத்து இல்லாத சீட்டை எந்த அறைக் கணக்கிலும் ஏற்றக் கூடாது என்பது இங்கே எழுதி வைத்த விதி. அதை யாரும் பார்க்கவில்லை.

எண் மாறியது ஒரு தவறு. அதைவிடப் பெரியது அதற்கப்புறம் நடந்தது. ஆறு நாள் விரதமிருந்த உங்கள் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "வீட்டில் யாராவது ஆர்டர் பண்ணியிருப்பாங்க, கேட்டுப் பாருங்க சார்" என்று எங்கள் ஊழியர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். சுற்றிலும் மற்ற விருந்தினர்கள் நின்றிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு இல்லை என்று சொல்பவர் போல உங்களை நிற்க வைத்துவிட்டோம். நீங்கள் சீட்டைக் காட்டச் சொன்னபோது எடுத்துக் காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ரயிலுக்கு நேரமாகிறதே என்று முழுத் தொகையையும் கட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதால் இது சரியாகிவிடாது என்பது எனக்குத் தெரியும். உங்கள் தாயாரிடம் தொலைபேசியில் நேரடியாக மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். அவர்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் ஒரு நேரம் சொல்லுங்கள், அழைக்கிறேன். வேண்டாம் என்றால் அதையும் புரிந்துகொள்வேன்.

இரண்டாவது, கூடுதல் கட்டில். உங்கள் தங்கை மகன் சனிக்கிழமை இரவு மட்டும்தான் தங்கினார். ஞாயிறு காலை 11 மணிக்குக் கட்டிலை எடுத்துவிட்டதாக ஹவுஸ்கீப்பிங் பதிவேட்டில் இருக்கிறது. அந்தத் தகவல் ரிசப்ஷனுக்குப் போகவில்லை. அதனால் ஓர் இரவுக்கு 800 ரூபாய்க்குப் பதில் மூன்று இரவுக்கு 2,400 ரூபாய் போட்டுவிட்டார்கள்.

மூன்றாவது ஜிஎஸ்டி. "ஆகஸ்டில் புக் செய்தது, அதனால் பழைய 12 சதவீதம்தான்" என்று உங்களுக்குச் சொன்ன விளக்கம் தவறு. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். உங்களிடம் நாங்கள் முன்பணம் எதுவும் வாங்கவில்லை. நீங்கள் தங்கியதும் பில் போட்டதும் அக்டோபரில். ஆகவே 5 சதவீதம்தான் பொருந்தும். நீங்கள் கேட்டது முழுக்கச் சரி. வரி மாறுவதற்கு முன் பதிவான முன்பதிவுகளில் பழைய விகிதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்ததை உங்கள் பில்லைப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தோம். இதேபோல் கூடுதலாகக் கட்டிச் சென்ற மற்றவர்களின் பில்களையும் இப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கேட்காவிட்டாலும் பணம் திரும்பப் போகும்.

சரியான கணக்கு இது. அறை வாடகை மூன்று இரவுக்கு 9,600 ரூபாய், கூடுதல் கட்டில் ஓர் இரவுக்கு 800, ஆக 10,400. அதற்கு 5 சதவீத வரி 520. நீங்கள் வாங்கிய டிபன், பால், பழச்சாறு எல்லாம் சேர்த்து 1,460 ரூபாய், வரி 73. மொத்தம் 12,453 ரூபாய். உங்களிடம் வாங்கியது 16,275. அதிகமாக வாங்கிய 3,822 ரூபாயில், வராத சாப்பாட்டுக்கு வரியோடு 1,302, கட்டிலுக்கு வரியோடு 1,792, மீதி 728 கூடுதல் வரி.

இந்த 3,822 ரூபாயையும், நீங்கள் யுபிஐ மூலம் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு இன்று காலை 11 மணிக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். வழக்கமாக உடனே வந்துவிடும். வங்கியில் தாமதமானால் ஓரிரு வேலை நாட்கள் ஆகலாம். அலுவலகத்தில் பயணச் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகப் பழைய பில்லுக்கான கிரெடிட் நோட்டையும், 12,453 ரூபாய்க்கான திருத்திய கணக்கையும், தவறு எங்களுடையது என்று முத்திரையிட்ட கடிதத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல் பிரதிகள் கூரியரில் வரும்.

"அந்தப் பையன் சம்பளத்தில் பிடித்துவிடாதீர்கள்" என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்து நெகிழ்ந்துபோனேன். யாருடைய சம்பளத்திலும் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. அந்தச் சாப்பாட்டின் தொகையை விடுதியே ஏற்றுக்கொண்டது. ரிசப்ஷனில் இருந்தவரிடமும் பேசினேன். விருந்தினர் ஒரு வரியை மறுத்தால் முதலில் சீட்டை எடுக்க வேண்டும், சீட்டு இல்லையென்றால் அந்தத் தொகையை நீக்கிவிட்டுத்தான் பில் கொடுக்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அப்புறம், கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையே பில்லின் நகலை விருந்தினரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதையும் இன்றிலிருந்து ஆரம்பிக்கிறோம். அவசரத்தில் நின்றுகொண்டு யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது.

உங்கள் குடும்பத்துக்கு எங்கள் அன்பாக, இரண்டு இரவுகள் காலை உணவோடு கட்டணமின்றித் தங்கும் கடிதம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். 2026 நவம்பர் 30 வரை செல்லும். மாசி மகம், கந்த சஷ்டி போன்ற கூட்ட நாட்களுக்கும் பொருந்தும், ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். நீங்கள் வர இயலாவிட்டால் உறவினர் யாருக்காவது கொடுக்கலாம். வரியையும் நாங்களே கட்டிவிடுவோம். பணம் திரும்பக் கிடைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பணம் வந்து சேரவில்லை என்றாலோ, கணக்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் தெரிந்தாலோ, இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். இது நேராக எனக்கு வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுந்தரேசன்
பொது மேலாளர்

இணைப்பு: கிரெடிட் நோட், திருத்திய கணக்கு, அலுவலகத்துக்கான கடிதம், தங்கும் கடிதம்