ஒரு தலைமையாசிரியையின் விடைபெறும் உரை

எல்லோருக்கும் வணக்கம். பத்து நிமிடத்துக்கு எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

நான் இங்கே வந்த புதிதில், காலை பிரேயரில் அடிக்கடி யாராவது மயங்கி விழுவார்கள். பசிதான். காலை உணவுத் திட்டம் நம் பள்ளிக்கு 2023இல்தான் வந்தது. அதற்கு முன்பு, சத்துணவு சமைக்கும் நம் அக்கா வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அக்கா, இந்தப் பொன்னாடை உங்களுக்குத்தான் சேர வேண்டும். மேடைக்கு வாங்க.

பிள்ளைகளா, அடுத்து வேறு டீச்சர் வருவார். எட்டாம் வாய்ப்பாட்டில் நிறுத்தியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். ஐந்தாவது முடித்து எந்த ஊருக்குப் போனாலும் படிப்பை விடாதீர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். சரி, போய் வருகிறேன் கண்ணுகளா.