கூற்றும் அனுமானமும்: விளக்க விடைகளுடன் பயிற்சித் தாள்

பின்வரும் ஒவ்வொரு வினாவிலும் ஒரு கூற்றும், அதன்கீழ் சில அனுமானங்களும் தரப்பட்டுள்ளன. கூற்றைச் சொன்னவர் வாய்விட்டுச் சொல்லாமல், ஆனால் உண்மை என்று கொண்டே ஆக வேண்டியது எதுவோ அதுவே அனுமானம் எனக் கொள்க. கூற்று உண்மையா, அதை நீங்கள் ஏற்கிறீர்களா என்பது இங்கே வினா அன்று.

விடை எழுதத் தொடங்கும் முன் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மரபான தருக்க நூல்களில் அனுமானம் என்பது புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று அறிவது. அதாவது, கண்டதிலிருந்து காணாததற்கு முன்னேறிச் செல்வது. இவ்வகை வினாக்களில் நாம் செல்ல வேண்டிய திசை அதற்கு நேர்மாறானது. கூற்றிலிருந்து என்ன கிடைக்கும் என்று பார்க்காமல், கூற்று எதன்மேல் நிற்கிறது என்று கீழே தோண்டிப் பார்க்க வேண்டும். பழைய பொருளையே மனத்தில் வைத்துக்கொண்டு விடையளிப்பவர்கள், கூற்றின் விளைவை அதன் அடித்தளம் என்று குறித்துவிடுகிறார்கள். என் மாணவர்களிடம் நான் மிகுதியாகக் கண்ட பிழை இதுதான்.

வினா 1

கூற்று: "பாலத்தின் தூண்களில் விரிசல் காணப்படுவதால், கனரக வாகனங்கள் அதன்மேல் செல்வது இன்றுமுதல் தடை செய்யப்படுகிறது."

அ. பாலத்தின் தூண்களில் விரிசல் உள்ளது.
ஆ. கனரக வாகனங்களின் எடை, விரிசலுற்ற பாலத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்.
இ. இனிக் கனரக வாகனங்கள் மாற்றுப் பாதையில் செல்லும்.

விடை: ஆ மட்டும்.

மூன்றும் பார்வைக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைபோல் தோன்றினாலும் மூன்றும் வெவ்வேறு இடங்களில் இருப்பவை. முதலாவது கூற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டது கூற்றின் பகுதியே தவிர அனுமானம் ஆகாது. மூன்றாவது, தடைக்குப் பின் நடக்கக்கூடிய ஒன்று. வாகனங்கள் மாற்றுப் பாதையில் செல்லாமல் நின்றே போனாலும் தடை தடையாகவே இருக்கும். ஆகவே கூற்று அதைச் சார்ந்து நிற்கவில்லை. இரண்டாவதை மட்டும் மறுத்துப் பாருங்கள்: "கனரக வாகனங்களால் இந்தப் பாலத்துக்கு எந்தத் தீங்கும் வர வழியில்லை." அப்படியானால் விரிசலைக் காரணம் காட்டிக் கனரக வாகனங்களைத் தடுப்பதற்குப் பொருளே இல்லாமல் போகிறது. காரணத்தையும் முடிவையும் இணைக்கும் கண்ணி அதுதான். அதைச் சொன்னவர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

இந்த மறுத்துப் பார்க்கும் முறையை மற்ற வினாக்களிலும் கையாளுங்கள். அனுமானத்தின் எதிர்மறையைக் கூற்றின் பக்கத்தில் வைத்தபின் கூற்று தளர்ந்து விழுந்தால் அது அனுமானம். அசையாமல் நின்றால் அன்று.

வினா 2

கூற்று: மருத்துவர் நோயாளியிடம், "சாப்பிட்ட பின்னரே இந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

அ. சாப்பிடும் முன் போட்டுக்கொள்வதற்கும் சாப்பிட்ட பின் போட்டுக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு.
ஆ. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டால் வயிற்றில் புண் உண்டாகும்.

விடை: அ மட்டும்.

நன்கு படித்த மாணவரே இங்கு இடறுகிறார். சில மாத்திரைகள் வெறும் வயிற்றை அரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த உண்மை கண்முன் வந்ததும் கை தானாகவே ஆ-வைக் குறித்துவிடுகிறது. ஆனால் உணவுடன் சேரும்போது நன்றாக உறிஞ்சப்படும் மருந்துகளும் உண்டு; அத்தகைய மருந்துக்கும் மருத்துவர் இதே சொற்களைச் சொல்லியிருப்பார். புண் வராது என்று வைத்துக்கொண்டாலும் அறிவுரை நிலைக்கிறது. ஆகவே ஆ ஒரு சாத்தியமான காரணம் மட்டுமே, கூற்றுக்கு இன்றியமையாததன்று. உலக அறிவைத் தள்ளி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூற்றைப் புரிந்துகொள்ள அது வேண்டும். கூற்றில் இல்லாததை நிரப்ப அதைப் பயன்படுத்தலாகாது.

"பின்னரே" என்பதில் உள்ள ஏகாரத்தையும் கவனியுங்கள். அது பிரிநிலை ஏகாரம். முன் என்பதைப் பிரித்து விலக்குகிறது. அ என்னும் அனுமானம் அந்த ஓரெழுத்துக்குள்ளேயே இருக்கிறது.

வினா 3

கூற்று: "இந்த ஆண்டுப் பேச்சுப் போட்டியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களும் கலந்துகொள்ளலாம்."

அ. புதிதாகச் சேராத மாணவர்கள் போட்டியில் கலந்துகொள்ளலாம்.
ஆ. சென்ற ஆண்டுப் போட்டியில் புதிய மாணவர்களுக்கு இடம் தரப்படவில்லை.

விடை: அ மட்டும்.

தமிழில் இவ்வகை வினாக்களை எழுதுவோரும் விடையளிப்போரும் உம்மையை எளிதாகக் கடந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "மாணவர்கள் கலந்துகொள்ளலாம்" என்பதற்கும் "மாணவர்களும் கலந்துகொள்ளலாம்" என்பதற்கும் இடையில் ஒரு முழு வாக்கியம் மறைந்திருக்கிறது. இலக்கணம் இதை எச்சவும்மை என்கிறது. சொல்லப்படாத ஒன்றை எஞ்ச வைத்து, அதையும் தழுவிக்கொள்வது அதன் இயல்பு. "இந்தக் கணக்கைச் சிறு பிள்ளையும் போட்டுவிடும்" என்று இழிவு சிறப்பும்மை வரும்போது, கணக்குப் போடுவோரில் சிறு பிள்ளையே திறன் குறைந்தது என்னும் அனுமானம் அதனுள் அடங்கியிருக்கும்.

ஆ எங்கிருந்து வந்தது? "இந்த ஆண்டு" என்ற சொற்கள் சென்ற ஆண்டை நினைவூட்டுகின்றன. அங்கே நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று மனம் தானாக ஒப்பிட்டுக்கொள்கிறது. நாள்தோறும் பேசும் பேச்சில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும் சென்ற ஆண்டும் அவர்களுக்கு இடம் தரப்பட்டது என்று சொன்னால் கூற்று பொய்க்கிறதா? இல்லை. குறிப்பாகத் தோன்றுவது வேறு, கூற்றைத் தாங்கி நிற்பது வேறு. ஆ முதல் வகையைச் சேர்ந்தது.

வினா 4

கூற்று: "நூல்கள் உரிய நாளில் திரும்பி வர வேண்டும் என்பதற்காக, காலம் தாழ்த்துவோரிடம் தண்டத்தொகை பெற நூலகம் முடிவு செய்துள்ளது."

அ. தண்டத்தொகையைத் தவிர்க்க எண்ணிச் சிலரேனும் உரிய நாளில் நூல்களைத் திருப்பித் தருவர்.
ஆ. நூல் எடுப்போரில் பெரும்பாலோர் காலம் தாழ்த்தியே திருப்பித் தருகின்றனர்.

விடை: அ மட்டும்.

ஆ-வில் உள்ள "பெரும்பாலோர்" என்ற ஒரு சொல்லே அதைக் கெடுத்துவிடுகிறது. சிலர் மட்டும் காலம் தாழ்த்தினாலும் நூலகம் இம்முடிவை எடுக்கலாம். அ-வில் "சிலரேனும்" என்பதற்குப் பதிலாக "அனைவரும்" என்று இருந்திருந்தால் அதுவும் தள்ளத்தக்கதாகிவிடும்.

வினா 5

கூற்று: "எங்கள் பயிற்சியில் சேருங்கள், மூன்றே மாதங்களில் உங்கள் தட்டச்சு வேகம் கூடும்" என்கிறது ஒரு விளம்பரம்.

அ. தட்டச்சு வேகத்தைக் கூட்டிக்கொள்ள விரும்புவோர் இருக்கின்றனர்.
ஆ. இத்தகைய பயிற்சி வேறெங்கும் தரப்படுவதில்லை.

விடை: அ மட்டும்.

விரும்புவோர் ஒருவரும் இல்லையென்றால் இவ்வாறு அழைப்பதில் பயனில்லை. பயிற்சி வேறு நூறு இடங்களில் தரப்பட்டாலும் இவ்விளம்பரத்தை வெளியிடத் தடையில்லை.