மூன்று ஊறுகாய் பாட்டில்கள்: பிள்ளைகளின் கைப்பணம் பற்றிப் பெற்றோருக்கான காணொளி உரை

இடம்: கோத்தகிரி. நீளம்: சுமார் 10 நிமிடங்கள். பேசுபவர்: மீனாட்சி, தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர். உடன் வருபவர்கள்: மகள் யாழினி (10 வயது), மகன் கவின் (7 வயது), கணவர், மாமனார்.

காட்சி 1
[சமையலறை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. மேசைமேல் கழுவிக் கவிழ்த்த மூன்று கண்ணாடி பாட்டில்கள்.]

மீனாட்சி: வணக்கம். நாள் முழுவதும் ஊரார் கணக்கை எழுதுகிறவள் நான். இன்று யார் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை கொண்டுவந்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தோம், மாதக் கணக்கில் யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். ஆனால் என் பிள்ளைகளுக்குப் பணம் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்பதை ஒரு மளிகைக் கடை வாசலில்தான் தெரிந்துகொண்டேன்.

கவின் மிட்டாய் கேட்டான். பணம் இல்லை என்றேன். "போனைக் காட்டு அம்மா, சத்தம் வரும், அவ்வளவுதான்" என்றான்.

அவன்மேல் பிழை இல்லை. அவன் கண்ணால் பார்த்த பணத்துக்கு எடை இல்லை. அது தீர்ந்துபோய் அவன் பார்த்ததும் இல்லை. அன்று இரவே அலமாரியிலிருந்து இந்தப் பாட்டில்களை எடுத்தேன். மாவடு வாசனை இன்னும் போகவில்லை என்று யாழினி சொல்கிறாள். இருக்கட்டும்.

காட்சி 2
[பாட்டில்கள் நெருக்கத்தில். யாழினி தாளில் எழுதி ஒட்டுகிறாள்: சேமிப்பு, செலவு, பகிர்வு.]

மீனாட்சி: மண் உண்டியல் ஏன் வேண்டாம் என்கிறீர்களா? அதை உடைப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரியும். நம் ஊர் மழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலம் முழுவதும் மூடிவைத்த நோட்டு பூசணம் பிடிக்கும். அதனால் நாணயமாகவே கொடுங்கள். தாளின்மேல் செலோடேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் மை கசிந்துவிடும்.

யாழினிக்கு வாரம் 50 ரூபாய். இதை ஒரே நோட்டாகக் கொடுத்தால் பாடம் அங்கேயே முடிந்தது, ஏனென்றால் அதைப் பிரிக்க முடியாது. ஐந்து பத்து ரூபாய் நாணயங்கள் கொடுக்கிறேன். இரண்டு சேமிப்புக்கு, இரண்டு செலவுக்கு, ஒன்று பகிர்வுக்கு. கவினுக்கு 20 ரூபாய், நான்கு ஐந்து ரூபாய் நாணயங்கள். அவன் பிரிப்பு வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். அதில் நான் ஒரு தவறு செய்தேன்.

[கவின் நாணயத்தைப் பாட்டிலில் போடுகிறான். சத்தம் கேட்கட்டும், பின்னணி இசை வேண்டாம்.]

உங்கள் வீட்டில் 50 ரூபாய் முடியாது என்றால் 10 ரூபாய் போதும், ஐந்து இரண்டு ரூபாய் நாணயங்களாக. தொகை எதுவானாலும் நாள் மாறக்கூடாது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்குப் பிறகு. மதிப்பெண் குறைந்தது என்று நிறுத்துவதில்லை. பாத்திரம் எடுத்து வைத்தால் ஐந்து ரூபாய் என்ற பேரமும் இல்லை. ஒரு முறை அதை ஆரம்பித்தால் தண்ணீர் எடுத்துத் தருவதற்கும் விலை கேட்பார்கள்.

காட்சி 3
[கவின் வாசற்படியில். கையில் ஒரு பத்து ரூபாய் நாணயம்.]

மீனாட்சி: முதல் வாரமே ஒரு சிக்கல். தாத்தா கொடுத்த பத்து ரூபாய் நாணயத்தோடு பென்சில் வாங்கப் போனான். "இது செல்லாது தம்பி" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அழுதுகொண்டு வந்தான். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பல முறை அறிவித்திருக்கிறது. எந்த வடிவம் அச்சிடப்பட்டிருந்தாலும் செல்லும். நான் கூடப் போய்ச் சண்டை போடவில்லை. என்ன சொல்லவேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். மறுபடி போனான். "அண்ணா, ரிசர்வ் வங்கி செல்லும் என்று சொல்லியிருக்கிறதாம்" என்றானாம். பென்சிலோடு வந்தான்.

[கவின் பென்சிலைக் காட்டுகிறான். நடிக்கச் சொல்லவேண்டாம், அவன் விருப்பம்போல் நிற்கட்டும்.]

காட்சி 4
[சேமிப்பு பாட்டில். அதன்மேல் கவின் ஒட்டிய ரிமோட் கார் படம்.]

மீனாட்சி: இதுதான் நான் செய்த தவறு. கவினுக்கு 250 ரூபாய் ரிமோட் கார் மேல் ஆசை. சேமிப்பில் வாரம் ஐந்து ரூபாய் என்று வைத்தேன். கணக்கு எழுதுகிறவள், என் கணக்கைப் பாருங்கள்: 50 வாரம். ஏழு வயதுப் பிள்ளைக்கு 50 வாரம் என்பது இன்னொரு ஜென்மம். மூன்றாவது வாரம் பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டான், படம் கண்ணில் படக்கூடாது என்று.

பிறகு மாற்றினோம். சேமிப்புக்கு இரண்டு நாணயம், மற்ற இரண்டிலும் ஒவ்வொன்று. இலக்கை 40 ரூபாய் வண்ணப் பென்சில் பெட்டியாக்கினோம். நான்கு வாரம். கிடைத்தது. அதன் பிறகுதான் அவன் எட்டு வார ஆசைக்குத் தானாகவே போனான். முதல் இலக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். "சிறுதுளி பெருவெள்ளம்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நம் மலைப் பிள்ளைகளுக்குப் பெருவெள்ளம் என்றால் மண்சரிவும் பள்ளி விடுமுறையும்தான்.

காட்சி 5
[மேசை. கணவர் தேநீரோடு அமர்கிறார். யாழினி அருகில்.]

மீனாட்சி: செலவு பாட்டிலில்தான் பெற்றோருக்குச் சோதனை. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனோம். யாழினி தன் செலவுப் பணம் 80 ரூபாயை எடுத்துவந்திருந்தாள். வாசலிலேயே விளக்கு எரியும் பலூன். 60 ரூபாய். வேண்டாம் என்று எனக்கு நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பத்தடி தாண்டினால் கம்பளி நூலில் பின்னிய சின்ன யானை, 70 ரூபாய். கையில் 20 இருந்தது.

கணவர்: அவள் முகத்தைப் பார்த்ததும் என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. "குழந்தைதானே, விடு" என்றேன்.

மீனாட்சி: நான் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அன்று அவர் நினைத்திருப்பார்.

கணவர்: இப்போதும் கொஞ்சம் நினைக்கிறேன்.

மீனாட்சி: திரும்பும் பஸ்ஸில், தொட்டபெட்டா பிரிவு வருவதற்குள் பலூன் வெடித்துவிட்டது. அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் "சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லவும் இல்லையே நான். அடுத்த முறை சந்தைக்குப் போனபோது ஒரு சுற்று முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில்தான் வாங்கினாள். அந்தப் பலூனுக்கு 60 ரூபாய் அதிகமில்லை. அதே பாடத்தை இருபத்தைந்து வயதில் கடன் அட்டையோடு படித்தால் எவ்வளவு ஆகும்?

யாழினி: அந்த யானை இப்போதும் இருக்குமா அம்மா?

[மீனாட்சி சிரிக்கிறார். வெட்டாமல் வைத்துக்கொள்ளவும்.]

மீனாட்சி: தாத்தா பாட்டிமாரிடம் முன்பே பேசிவிடுங்கள். நாம் பிடித்துவைக்கும்போது அவர்கள் மறைவாக நூறு ரூபாய் திணித்தால் எல்லாம் போச்சு. என் மாமனாரிடம், "கொடுங்கள் மாமா, ஆனால் மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்" என்றேன்.

மாமனார் [வாசலிலிருந்து]: சில்லறைக்கு நான் எங்கே போவேன்?

காட்சி 6
[பகிர்வு பாட்டில். மழைச் சத்தம்.]

மீனாட்சி: பகிர்வை நாங்கள் முதலில் கோயில் உண்டியலில் போட வைத்தோம். பழக்கம் நல்லதுதான், ஆனால் பிள்ளைக்கு அதில் முகம் தெரியவில்லை. நாணயம் உள்ளே விழுந்தது, முடிந்தது. பிறகு யாருக்கு என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டோம். கவின் ஒரு மாதம் தெருநாய்க்கு பிஸ்கட் வாங்கினான். இருபது ரூபாய்க்கு அந்த நாய் இன்றும் எங்கள் வாசலில் படுத்திருக்கிறது.

யாழினியின் வகுப்பில் ஒரு சிறுமியின் குடையில் இரண்டு கம்பி உடைந்து, மழை முழுவதும் ஒரு தோளில் இறங்கும். புதுக்குடை வாங்கித் தரலாமா என்று கேட்டாள். கணக்குப் போட்டால் பணம் போதாது. "அவளுக்குப் புதுக்குடை பிடிக்குமா, இதே குடை சரியானால் பிடிக்குமா, கேட்டுப் பார்" என்றேன். அந்தச் சிறுமிக்குப் பழைய குடைதான் வேண்டுமாம், அதில் அவள் அக்கா பூ வரைந்திருக்கிறாள். பஸ் நிலையம் அருகே குடை தைப்பவரிடம் கொடுத்தாள். 30 ரூபாய். இரண்டு நாள் கழித்து அந்தச் சிறுமி ஒரு கைப்பிடி தவிட்டுப் பழம் கொண்டுவந்து கொடுத்தாளாம். யாழினி வீட்டுக்கு வரும்போது நாக்கு ஊதா நிறமாக இருந்தது.

கொடுப்பதைப் படம் எடுக்கவேண்டாம். அந்தச் சிறுமி இந்தக் காணொளியில் இல்லை. அவள் பெயரையும் நாங்கள் சொல்லப்போவதில்லை.

காட்சி 7
[யாழினி கையில் அஞ்சலகக் கணக்குப் புத்தகம்.]

மீனாட்சி: பத்து வயது நிறைந்தால் பிள்ளை தன் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையாளலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். சேமிப்பு பாட்டிலில் 500 சேர்ந்த நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நாணயங்களை அவளே கொட்டி எண்ணினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு நன்றி. கையெழுத்தும் அவளே போட்டாள். மூன்று முறை பழகிவிட்டுப் போனோம்.

இப்போது வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். 500 ரூபாய் ஓராண்டு அப்படியே கிடந்தால் 20 ரூபாய். "சும்மா இருந்ததற்கா?" என்று கேட்டாள். சும்மா இல்லை, உன் பணத்தை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளும் வாடகை என்றேன்.

செல்வமகள் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். பத்து வயதுக்குள் பெண் குழந்தைக்குத் தொடங்குங்கள், ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து கட்டலாம், நல்ல திட்டம். ஆனால் அது நாம் அவளுக்காகச் சேர்ப்பது. இந்தப் புத்தகம் அவள் சேர்த்தது. இரண்டையும் குழப்பவேண்டாம்.

காட்சி 8
[சமையலறை. மாலை. பாட்டில்களுக்கு அருகில் ஒரு சின்ன நோட்டு.]

மீனாட்சி: கடைசியாக, நமக்கு ஒரு விதி. மாதக் கடைசியில் தேயிலைப் பணம் வரத் தாமதமாகும், பால்காரர் வாசலில் நிற்பார், கை தானாகப் பிள்ளையின் பாட்டிலுக்குப் போகும். நானும் ஒரு முறை கேட்காமல் எடுத்தேன், திருப்பி வைக்கவும் மறந்தேன். கவின் ஒவ்வொரு நாணயமாக எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து இந்த நோட்டு.

[மீனாட்சி யாழினி பக்கம் திரும்புகிறார்.]

மீனாட்சி: யாழினி, பாலுக்கு முப்பது ரூபாய் குறைகிறது. தருகிறாயா?

யாழினி: எந்தப் பாட்டிலிலிருந்து?

மீனாட்சி: செலவிலிருந்து.

யாழினி: எப்போது திருப்பித் தருவாய்?

மீனாட்சி: ஞாயிற்றுக்கிழமை.

[யாழினி மூன்று நாணயங்களை எண்ணிக் கொடுக்கிறாள். நோட்டை இழுத்து எழுதுகிறாள். காமிரா நோட்டின்மேல் நிற்கிறது: "அம்மா – 30 – ஞாயிறு". பென்சிலை நீட்டி, கையெழுத்துப் போடச் சொல்கிறாள்.]