முன்னோட்டத் தொகுதிக்குப் பின் ஆத்தங்குடிப் பூக்கல் மறு கொள்முதலுக்கான முன்மொழிவு

ஆத்தங்குடி,
5 ஜனவரி 2026

பெறுநர்:
பணி மேலாளர்,
பழைய வீட்டுச் சீரமைப்புப் பணி,
கானாடுகாத்தான்.

பொருள்: 6,300 பூக்கல் வழங்குவதற்கான திருத்திய விலை, அளவு, ஒப்படைப்பு விதிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற நவம்பரில் தங்கள் வீட்டு முகப்புக்காக நாங்கள் அனுப்பிய 600 கல்லும் பதிக்கப்பட்டு ஒரு மாதம் கடந்த நிலையில், வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு ஆகியவற்றுக்கும் எங்கள் பட்டறையிலேயே கல் எடுக்க விரும்புவதாகத் தாங்கள் டிசம்பர் 29 அன்று எழுதிய கடிதம் கிடைத்தது. எங்கள் வேலையின் மீது தாங்கள் வைத்த நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி. கடிதத்தில் தாங்கள் கேட்டிருந்த விலைக் குறைப்பு, பிப்ரவரி இறுதிக்குள் முழு ஒப்படைப்பு ஆகிய இரண்டையும் எங்கள் கொத்தனார்களோடு அமர்ந்து கணக்கிட்ட பின்னரே இதை எழுதுகிறேன்.

முதலில், முன்னோட்டத் தொகுதியில் கண்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். 600 கல்லில் 7 கல் பழுதாயின. அவற்றில் 4 கல் இறக்கும்போது மூலை உடைந்தவை. அது எங்கள் அடுக்கு முறையின் குறையே. மற்ற 3 கல்லில் பூவின் மஞ்சள், பச்சைக் கரைக்குள் ஒரு நூல் அளவு கசிந்திருந்தது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து ஒவ்வொரு வண்ணக் கலவையாக ஊற்றிய பின், அது சற்று இறுகும் முன்னரே அச்சைத் தூக்கிவிட்டால் இப்படி நேரும். டிசம்பர் 20 அன்று நேரில் வந்தபோது முகப்பின் வடகிழக்கு மூலையில் இரண்டு கல்லின் மேல் மெல்லிய வெள்ளை உப்பு பூத்திருந்ததையும் பார்த்தேன். ஈரத் துணியால் துடைத்ததும் போய்விட்டது என்றாலும், கல் முழுதாக உலரும் முன் வண்டியேறியதும் அதற்கு ஒரு காரணம் என்றே கருதுகிறேன். மழைக்கால மாதத்தில் 5 நாள் தொட்டி நீரிலும் ஒரே நாள் நிழலிலும் வைத்து அனுப்பினோம். இம்முறை 7 நாள் நீரிலும் 3 நாள் நிழலிலும் வைக்காமல் ஒரு கல்லையும் ஏற்றமாட்டோம்.

தங்கள் பொறியாளர் கொடுத்த அளவின்படி இம்முறை தேவைப்படுவது 10 அங்குலச் சதுரக் கல்லில் 6,300 ஆகும். சதுர அடிக்கு 1.44 கல் வீதம் இது 4,375 சதுர அடிக்குப் போதுமானது. இதில் எட்டிதழ்ப் பூக்கல் 3,000, பார்டர் கல் 900, இரண்டாங்கட்டுக்கான வெறும் சிவப்புக் கல் 2,400. உடைசலுக்கும், வருங்காலத்தில் ஏதேனும் ஒரு கல்லை மாற்ற நேர்ந்தால் வைத்துக்கொள்வதற்குமாக, ஒவ்வொரு வகையிலும் நூற்றுக்கு இரண்டு வீதம் மொத்தம் 126 கல்லை விலையின்றிச் சேர்த்துத் தருகிறோம். ஒரே கலவையில் செய்த கல்லே பிற்பாடு நிறம் ஒத்துப்போகும் என்பதால், மீதமாகும் கல்லைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாமல் வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள்.

விலையைப் பொறுத்தவரை, முன்னோட்டத்தில் கல்லொன்றுக்கு 54 ரூபாயாக இருந்த பூக்கல்லை 50 ரூபாய்க்கும், 58 ரூபாயாக இருந்த பார்டர் கல்லை 56 ரூபாய்க்கும், புதிதாகச் சேரும் வெறும் சிவப்புக் கல்லை 37 ரூபாய்க்கும் தர இயலும். மொத்தம் 2,89,200 ரூபாய், ஜி.எஸ்.டி. விலைப்பட்டியல் நாளில் நடப்பிலுள்ள விகிதப்படி தனி. முன்பு தாங்கள் செலுத்திய லாரி வாடகை இம்முறை எங்களுடையது; இறக்குகூலி மட்டும் தங்களுடையது. பூக்கல்லுக்குத் தாங்கள் கேட்ட 46 ரூபாய்க்கு இறங்க முடியாததற்குக் காரணம் உண்டு. வெறும் கல்லில் ஒரே நிறம். பூக்கல்லில் நான்கு நிறம், அவற்றில் மூன்று வெள்ளை சிமெண்டில் கலப்பவை. அளவு பெருகினால் மணலும் சாதா சிமெண்டும் மொத்தமாக வாங்குவதில் மிச்சமாகிறதே தவிர, ஒவ்வொரு இதழையும் கையால் ஊற்றும் கொத்தனாரின் நேரம் குறைவதில்லை. கூலியைக் குறைத்தோ வண்ணத்தை மெலிதாக ஊற்றியோ அந்த 4 ரூபாயை எடுக்க எனக்கு மனமில்லை. மேல் வண்ணம் மெலிந்தால் சில ஆண்டுகள் நடந்தாலே அடிச் சாம்பல் நிறம் தெரிந்துவிடும்.

ஒப்படைப்பு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் இந்த வேலைக்கென ஒதுக்கக்கூடிய ஆட்களைக் கொண்டு நாளொன்றுக்கு 150 கல் போடலாம். பொங்கல் முடிந்து ஜனவரி 19 அன்று தொடங்கினால், ஞாயிற்றுக்கிழமைகளும் குடியரசு நாளும் நீங்கலாக 43 வேலைநாள் ஆகும். தைப்பூசத்தை ஒட்டிப் பழநி பாதயாத்திரை செல்லும் மூவருக்கு இப்போதே மாற்றாள் பேசியிருக்கிறேன். ஆள் சேர்த்துப் போடும் நாட்களைக் குறைக்கலாம். நீரிலும் நிழலிலும் இருக்க வேண்டிய 10 நாளைக் குறைக்க முடியாது. ஆகவே பிப்ரவரி இறுதிக்குள் முழுவதும் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. அதற்குப் பதிலாக, பதிப்பு வேலை நிற்காதபடி மூன்று தவணையாகத் தருகிறேன். வளவுக்கான 1,800 பூக்கல்லும் 500 பார்டர் கல்லும் பிப்ரவரி 18 அன்றும், பட்டாலைக்கான 1,200 பூக்கல்லும் 400 பார்டர் கல்லும் மார்ச் 4 அன்றும், இரண்டாங்கட்டின் 2,400 சிவப்புக் கல் மார்ச் 24 அன்றும் வந்து சேரும். ஓர் இடத்துக்கான கல் இரண்டு தவணையில் பிரியாதவாறே இதை வகுத்திருக்கிறேன். வேறு வேறு நாளில் கலந்த சிவப்பு ஒரே தரையில் அருகருகே வந்தால் கண்ணில் உறுத்தும்.

ஒரு கல் சுமார் 3 கிலோ. முதல் தவணை மட்டுமே 7 டன்னை நெருங்கும். எனவே லாரி வீட்டு வாசல் வரை வர வழியும், நனையாத இடத்தில் அடுக்க வசதியும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டுகிறேன். கல்லைப் படுக்கையாக அடுக்காமல், முகத்தோடு முகம் சேர்த்து, இடையில் வைக்கோல் வைத்து, செங்குத்தாக நிறுத்தி அனுப்புவோம். இறக்கிய நாளிலிருந்து 3 நாளுக்குள் தெரிவிக்கப்படும் உடைந்த கல்லையும் நிறம் கசிந்த கல்லையும், விலையின்றித் தரும் கல்லில் கழிக்காமல், அடுத்த தவணையில் மாற்றித் தருவோம். கடைசித் தவணைக்கு 15 நாளில். எங்களால் தாமதமானால், அந்தத் தவணையின் மதிப்பில் வாரத்துக்கு நூற்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ளலாம். பருவம் தவறிய மழையால் கல் உலராமல் போனால் மட்டும், முன்னறிவிப்போடு அத்தனை நாள் கூடுதலாகக் கேட்போம்.

முன்னோட்டத்துக்குப் பாதித் தொகை முன்பணமாகப் பெற்றோம். இம்முறை நூற்றுக்கு முப்பது, அதாவது 86,760 ரூபாய் போதும். மூன்று தவணைகளின் மதிப்பு முறையே 1,18,000, 82,400, 88,800 ரூபாய். ஒவ்வொன்றிலும் முன்பணத்தின் பங்கைக் கழித்து, எஞ்சியதை ஒப்படைத்த 10 நாளில் வழங்க வேண்டுகிறேன்.

வேலையோடு நேரடியாகச் சேராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பதித்த தரையைச் சுத்தம் செய்ய ஆசிட் ஊற்றுவதாகத் தங்கள் மேஸ்திரி அன்று பேச்சுவாக்கில் சொன்னார். ஆசிட் சிமெண்டை அரித்துவிடும். கண்ணாடியிலிருந்து கல் பெற்ற பளபளப்பு அன்றோடு போய்விடும். வெறும் நீரும், பிறகு துணியில் தொட்ட சிறிது தேங்காயெண்ணெயும் போதும். முதல் தவணை வரும்போது எங்கள் கொத்தனார் ஒருவர் உடன் வந்து, கட்டணமின்றி ஒரு நாள் இருந்து காட்டுவார்.

இவ்விலை ஜனவரி 31 வரை செல்லும். ஆனால் மேற்கண்ட தேதிகள் நிலைக்க வேண்டுமானால், ஒப்புதலும் முன்பணமும் ஜனவரி 13 செவ்வாய்க்கிழமைக்குள் வர வேண்டும். பிந்தினால் பிந்திய நாட்களின் அளவுக்குத் தேதிகளும் தள்ளிப்போகும். ஒப்புதல் தருமுன் ஒருமுறை பட்டறைக்கு வந்து, வளவுக்கென இப்போது ஊற்றி வைத்திருக்கும் நான்கு மாதிரிக் கல்லின் சிவப்பை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூக்கல் பட்டறை உரிமையாளர்,
ஆத்தங்குடி.