கே.கே. நகர் ஆபீஸ் அறிவிப்போடு உன் ரெசுமேயை வைத்துப் படித்ததில்

தம்பி, நீ அனுப்பிய ரெசுமேயையும் அந்த ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் போட்டிருக்கிற வேலை அறிவிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்து வரி வரியாகப் படித்தேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு நீ தாராளமாகப் பொருந்துவாய், ஆனால் அவர்கள் எதைத் தேடுகிறார்களோ அது உன் ரெசுமேயில் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியாகக் கிடக்கிறது. கூப்பிடாமல் விட்டால் அதற்கு உன் அனுபவம் காரணமாக இருக்காது, அதை நீ அடுக்கியிருக்கிற விதம்தான் காரணமாக இருக்கும்.

அறிவிப்பில் மூன்று விஷயம் கேட்கிறார்கள். ரெவிட்டும் ஆட்டோகேடும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற சைட்டுகளில் ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் ஆட்களோடு ஒருங்கிணைத்துப் போக வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி, மாநகராட்சி இரண்டிலும் அனுமதி வேலைகளைத் தனியாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். 4 முதல் 6 வருட அனுபவம். இந்த மூன்றில் சாஃப்ட்வேர் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். மூன்றாவது தெரிந்த ஆள் மதுரையில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை, உன்னிடம் இருப்பதோ அந்த மூன்றாவதுதான்.

முதலில் சாஃப்ட்வேர். பதினோரு பெயர் போட்டு ஒவ்வொன்றுக்கும் நீலப் பட்டை வரைந்திருக்கிறாய். ரெவிட் 90 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்? மீதி 10 எது என்று இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வாய்? படிக்கிறவருக்கு இந்தப் பட்டைகளால் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. உன் போர்ட்ஃபோலியோவைத் திறந்தால் ஒர்க்கிங் டிராயிங் எல்லாம் ஆட்டோகேடில் வந்தவை என்று பார்த்த உடனே தெரிகிறது. ரெவிட்டில் முழுசாகச் செய்தது நாகமலை புதுக்கோட்டை வில்லா ஒன்றுதான். அதை அப்படியே சொல்லு. மாடல் நீயே கட்டினாய், கதவு ஜன்னல் ஷெட்யூல் அதிலிருந்தே எடுத்தாய், பிளான், செக்ஷன், எலிவேஷன் ஷீட்டுகளையும் அதிலிருந்தே கொடுத்தாய். இது ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ரெவிட்டில் கொண்டு போன அனுபவம், 90 சதவீதப் பட்டையை விட இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் பல பேர் ஒரே சென்ட்ரல் ஃபைலில் சேர்ந்து வேலை பார்த்த பழக்கம் உனக்கு இல்லை, ஸ்ட்ரக்சுரல் மாடலை லிங்க் செய்து கிளாஷ் பார்த்ததும் இல்லை. அவர்கள் கேட்பது அந்த அளவு ரெவிட்டாக இருக்கலாம். இருப்பது போல எழுதாதே, கேட்டால் நேராகச் சொல்லு. லூமியன், ஃபோட்டோஷாப், ஸ்கெட்ச்அப் மூன்றும் ஒரே வரியில் போதும். மற்றதையெல்லாம் எடுத்துவிடு.

சைட் விஷயத்துக்கு வருவோம். "சைட் சூப்பர்விஷன் செய்தேன்" என்று மூன்று புராஜெக்ட்டுக்கும் ஒரே வாக்கியம். இதைப் படித்தால் வாரத்துக்கு ஒரு தடவை போய் போட்டோ எடுத்து வந்த பையன் மாதிரித்தான் தெரிகிறது. நீ அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஐயர் பங்களா அபார்ட்மெண்டில் டாய்லெட் சங்கன் ஸ்லாபின் லெவலும் பிளம்பிங் ஷாஃப்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கோடு ஒத்துப் போகவில்லை என்று சென்ட்ரிங் அடிக்கும்போதே பிடித்தது நீதானே? கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் பீமை உடைத்துத்தான் பைப் விட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்லாபுக்கும் முன்னால் ஸ்லீவ், கண்டுயிட், சங்கன் லெவல் மூன்றையும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், மேஸ்திரி மூவரோடும் நின்று சரிபார்த்து, செக்லிஸ்ட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கான்கிரீட்டுக்கு விட்டீர்கள். ஒருங்கிணைப்பு என்று அறிவிப்பில் கேட்கிறார்களே, அது இதுதான். ரெசுமேயில் இப்படி வரட்டும், இங்கிலீஷில் நீ மாற்றிக்கொள்:

"ஸ்டில்ட் + 5 தளம், 22 வீடுகள், ஐயர் பங்களா. ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் டிராயிங்குகளை ஒவ்வொரு ஸ்லாபுக்கும் முன்னால் ஒப்பிட்டு, முரண்களை எழுத்தில் எழுப்பி, திருத்திய ஜி.எஃப்.சி. டிராயிங்கை சைட்டுக்குக் கொடுத்தேன். கான்கிரீட்டுக்கு முந்தைய செக்லிஸ்ட் முறையை முதல் தளத்திலிருந்து தொடங்கி மேல் தளம் வரை நடத்தினேன்."

கோயம்புத்தூரில் பார்த்த இன்டீரியர் வேலைக்கு முக்கால் பக்கம் கொடுத்திருக்கிறாய். அது இந்த அறிவிப்புக்குச் சம்பந்தமே இல்லை. மூன்று வரி போதும். அதிலும் கார்பெண்டரிடம் ஷாப் டிராயிங் வாங்கிச் சரிபார்த்த பகுதியை மட்டும் வைத்துக்கொள், ஏனென்றால் அதுவும் ஒருங்கிணைப்புக் கணக்கில் வரும்.

இனி அனுமதி. இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. "அசிஸ்டட் இன் அப்ரூவல் டிராயிங்ஸ்", இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். அந்த 22 வீட்டுக் கோப்பை onlineppa.tn.gov.in தளத்தில் ஏற்றியது நீ. பட்டாவிலும் எஃப்.எம்.பி. நில அளவை வரைபடத்திலும் இருந்த அளவு இடத்தில் அளந்ததோடு ஒத்துவராமல் சர்வேயரை மறுபடி வரவழைத்தது நீ. அணுகு சாலை அகலம் பற்றி வந்த கேள்விக்குப் பதில் தயாரித்தது நீ. கட்டிடத்தை 18.30 மீட்டருக்குள் அடக்கினால் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி ஹைரைஸ் கணக்கில் வராது என்று பார்த்து, தளத்துக்குத் தளம் உயரத்தைக் கூட்டிக் காட்டிய செக்ஷன் உன் செக்ஷன். திட்ட அனுமதி வந்த பிறகு மாநகராட்சியில் கட்டிட அனுமதி வாங்க அலைந்ததும் நீதான். எட்டு வீட்டுக்கு மேல் போனதால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிய வேண்டியிருந்தது, அதற்கு ஒவ்வொரு வீட்டின் கார்பெட் ஏரியா ஸ்டேட்மெண்ட் போட்டுக் கொடுத்ததும் உன் வேலை. இவ்வளவையும் செய்தவன் அசிஸ்டட் என்று எழுதினால் எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதே சமயம் ஒன்று. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது உங்கள் பிரின்சிபல், பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டாக அவருடைய பொறுப்பில்தான் கோப்பு போனது. அதை மறைக்காதே. "பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட் கையெழுத்தில், கோப்பைத் தொடக்கத்திலிருந்து அனுமதி வரை நான் கையாண்டேன்" என்று எழுதினால் உண்மையாகவும் இருக்கும், உன் பங்கும் குறையாது.

அப்புறம் தெற்கு மாசி வீதி கடை. அதை "கமர்ஷியல் பில்டிங், தரைத்தளம் + 2" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரம் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு 1997 முதல் இருப்பது ஊருக்கே தெரியும், ஆனால் அந்த 9 மீட்டருக்குள் மூன்று தளத்தையும், மேலே தண்ணீர்த் தொட்டியையும் படிக்கட்டு ஹெட்ரூமையும் எப்படிச் சமாளித்து டிராயிங் போடுவது என்பது செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நாலு வீதிக்குள் வேலை எடுக்கிற எந்த ஆபீஸும் இதைப் பார்த்தால் நின்று படிக்கும். 9 மீட்டர் என்ற எண்ணையும் வீதியின் பெயரையும் ஒரே வரியில் எழுது.

சின்ன வீடுகளின் அனுமதியை மட்டும் நாலு வரிக்கு நீட்டியிருக்கிறாய், அதைச் சுருக்கு. 2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை வந்த பிறகு 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீட்டுக்கு அனுமதி உடனடியாகக் கிடைத்துவிடுகிறது, அதனால் அந்த அளவு வேலைகளைப் பெரிய அனுபவமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டிடிசிபி பக்கம் போய்க் கேள்வி வந்து பதில் சொல்லி முடித்த கோப்புகள்தான் இப்போது எடை கூட்டும்.

இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பில் விமான நிலைய என்.ஓ.சி., தீயணைப்பு என்.ஓ.சி. என்று இரண்டும் இருக்கின்றன. நீ இரண்டும் செய்ததில்லை. அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் புராஜெக்ட் வைத்திருப்பதால்தான் முதலாவதைக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். விமான நிலையத்தைச் சுற்றி உயர வரம்பைக் காட்டுகிற நிற வாரியான வரைபடத்தில் இடத்தைப் பார்த்து, அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கு மேல் போனால் விமான நிலைய ஆணையத்திடம் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். இன்டர்வியூவுக்கு முன்னால் அந்த வரைபடத்தைத் திறந்து அவனியாபுரத்தில் ஒரு மனையை எடுத்துப் பார்த்துவிட்டுப் போ. "செய்ததில்லை, நடைமுறை தெரியும்" என்று சொல்ல முடியும். தெரிந்தது போல ரெசுமேயில் ஏற்றாதே. அதேபோல கீழக்குயில்குடிச் சமணர் மலை மாதிரித் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்பதையும் படித்துக்கொள். அறிவிப்பில் இல்லை, ஆனால் மதுரையைச் சுற்றி வேலை பார்க்கிற ஆபீஸ் கேட்டாலும் கேட்கும்.

சின்னச் சின்னது சில. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் பதிவு எண்ணை எங்கேயும் போடவில்லை, பெயருக்குக் கீழேயே போடு, எந்த வருஷம் வரை செல்லும் என்பதோடு. அனுமதி வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், "நேர்மையாக உழைப்பேன்" என்ற குறிக்கோள் பத்தி, எல்லாவற்றையும் எடு. "கட்டிட விதிகள் பற்றிய அறிவு" என்ற வரியையும் எடுத்துவிட்டு எந்த விதிகள் என்று பெயரோடு எழுது. முதல் பக்கத்தில் ஐயர் பங்களாவும் மாசி வீதியும், அதற்குக் கீழே வில்லா, இரண்டாம் பக்கத்தில் கோயம்புத்தூரும் படிப்பும். மொத்தம் இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்.

போர்ட்ஃபோலியோவில் ரெண்டர் படங்களுக்கு முன்னால் அந்த 18.30 செக்ஷனையும் மாசி வீதி செக்ஷனையும் வை. அனுமதி பெற்ற டிராயிங்கை வைப்பதாக இருந்தால் உரிமையாளர் பெயர், சர்வே எண், பத்திர விவரம் எல்லாவற்றையும் மறைத்துவிடு, இப்போது இருக்கிற ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டும்விடு. வேறு ஆபீஸின் ஆவணத்தை வெளியே காட்டுகிறவனை எந்த முதலாளியும் நம்ப மாட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று போட்டிருக்கிறார்கள். புதன் ராத்திரிக்குள் திருத்தி அனுப்பு, ரெரா வரியையும் அனுமதி வரிகளையும் நான் பார்த்துவிட்டு வியாழன் காலையில் திருப்பித் தருகிறேன். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்ற கட்டத்தைக் காலியாக விடாதே, இப்போது வாங்குவதையும் எதிர்பார்ப்பதையும் இரண்டையுமே எழுது. அந்த அனுமதி அனுபவத்துக்குக் கூடக் கேட்கலாம், தயங்காதே.