மின்னதிர்வுச் சிகிச்சைக்கு முந்தைய முடிவெடுக்கும் திறன் மதிப்பீடும் ஒப்புதல் பதிவும்

மனநலப் பிரிவு, குன்னூர். நாள்: 12.02.2025, புதன், மாலை 4.10 – 5.05.

நோயாளி 58 வயதுப் பெண், கணவரை இழந்தவர், சிறு தேயிலை விவசாயி. படித்தது ஐந்தாம் வகுப்பு; தமிழ் பேசுவார், வீட்டு மொழி படுக மொழி. மனநோய் அறிகுறிகளுடன் கூடிய கடும் மனச்சோர்வு, நான்கு மாதங்களாக. எஸ்சிடலோப்ராம் 20 மி.கி. எட்டு வாரம், பிறகு வென்லாஃபாக்சின் 225 மி.கி. ஆறு வாரம் ஓலன்சபைனுடன் கொடுத்தும் முன்னேற்றமில்லை. சோறு தண்ணீரை மறுக்கிறார். எடை 41 கிலோ. 07.02.2025 அன்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 89-இன்கீழ், பிரதிநிதியின் ஆதரவுடனான அனுமதி. மனநல வாரியத்துக்கு மூன்று நாட்களுக்குள் தகவல் அனுப்பப்பட்டது. முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எதுவும் இல்லை என்று அவரும் அக்காவும் கூறினர்.

முதல் மதிப்பீடு, 10.02.2025, திங்கள், காலை 10.40

கேட்டதற்கெல்லாம் "சரி, என்ன வேணும்னாலும் பண்ணுங்க" என்றார். இதை ஒப்புதலாக ஏற்கவில்லை. சிகிச்சை எதற்கு என்று கேட்டபோது, "நிலத்தை வித்ததுக்குத் தெய்வம் தர்ற தண்டனை, கரண்ட் வச்சு முடிச்சிடுங்க" என்றார். சொன்ன விவரங்களைத் திருப்பிச் சொல்ல முடிந்தது. அதைத் தன் நோயோடு பொருத்திப் பார்க்க முடியவில்லை. தெய்வக் குற்றம் என்ற அச்சம் ஊரில் வழக்கமானதுதான். ஆனால் நிலம் விற்றதை அக்காவோ ஊர்ப் பெரியவர்களோ குற்றமாகக் கருதவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே பிரமை எனப் பதிவு செய்கிறோம். முடிவு: இந்தச் சிகிச்சை குறித்து அன்று முடிவெடுக்கும் திறன் இல்லை. காலையில் சோர்வு அதிகம், நீர்ச்சத்தும் குறைவு. எனவே டிரிப் ஏற்றி, நீர்ச்சத்து சீரான பின் ஒரு மாலையில் மீண்டும் பார்ப்பதாக முடிவானது.

இரண்டாம் மதிப்பீடு, இன்று

நீர்ச்சத்து சீரானது; முந்தைய இரவு தூக்கக் கலக்கம் தரும் லோராசெபாம் தரவில்லை. படுக மொழி தாய்மொழியான செவிலியர் மொழிபெயர்த்தார். உறவினர் யாரையும் மொழிபெயர்க்க விடவில்லை. மகன் "கையெழுத்துப் போடும்மா" என்று வற்புறுத்தியதால் வெளியே இருக்கச் சொன்னோம்.

நாங்கள் சொன்னவை: மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துத்தான் செய்வோம், இவை இல்லாமல் செய்யச் சட்டம் அனுமதிக்காது. மின்சாரம் சில வினாடிகளே. அதனால் ஒரு வலிப்பு வரும், அதுதான் மருந்தாக வேலை செய்கிறது. வாரம் இரண்டு முறை, மொத்தம் 6 முதல் 12 வரை. தலைவலி, உடம்பு வலி, எழுந்தவுடன் குழப்பம் வரலாம். சிகிச்சை நாட்களை ஒட்டிய நினைவுகள் மறக்கலாம். சில திரும்பாமலும் போகலாம். மயக்க மருந்தோடு சேர்த்து இறப்பு அபாயம் லட்சம் சிகிச்சைகளுக்குச் சுமார் 2. குணமான பின் மருந்து தொடர்ந்தாலும், ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. மாற்று வழி: லித்தியம் சேர்ப்பது அல்லது மருந்தை மாற்றுவது, பலன் தெரிய வாரங்கள் ஆகும், சாப்பிடாத நிலையில் அந்தக் காத்திருப்பே ஆபத்து.

அவர் தன் சொற்களில் சொன்னது (தமிழாக்கம்): "தூங்க வச்சு தலைக்குக் கரண்ட் வைப்பாங்க. மறதி வரும். செய்யலைன்னா இப்படியே சாப்பிடாம போயிடுவேன்." தண்டனையா என்று கேட்டதற்கு: "அந்த நினைப்பு இன்னும் வருது. ஆனா இது வைத்தியம்." பிரமை முழுதும் போகவில்லை, ஆனாலும் முடிவை அது ஆளவில்லை என்பது எங்கள் கணிப்பு. அவரே கேட்ட கேள்வி: "பச்சைத் தேயிலைக் கணக்கு மறந்துடுமா?" மறக்கக்கூடும் என்றோம், கணக்கை அக்காவிடம் எழுதித் தருவதாகச் சொன்னார். வைத்த நிபந்தனை: மூன்று முறைக்குப் பின் மறுபடி தன்னிடம் கேட்க வேண்டும். திங்களன்று வந்த "சரி"யில் இப்படி ஒரு கேள்வியும் நிபந்தனையும் இல்லை.

முடிவு: பிரிவு 4-இன்படி, தகவலைப் புரிந்துகொள்ளவும், செய்வதன், செய்யாததன் விளைவை உணரவும், முடிவைத் தெரிவிக்கவும் இன்று திறன் உண்டு. தன் விருப்பப்படியான அனுமதிக்கு, அதாவது பிரிவு 86-க்கு மாற்றம்; அவர் சம்மதித்தார். அக்காவை நியமனப் பிரதிநிதியாக வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டார்.

மயக்க மருத்துவருக்கான குறிப்பு

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறது. விழலாம் என்பதும் சொல்லப்பட்டது. தோட்டத்தில் பூச்சிமருந்து தெளித்தவர். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் பாதிப்பு இருந்தால், தசைத் தளர்வு மருந்தான சக்சினில்கோலின் விளைவு நீண்டு மூச்சு திரும்பத் தாமதமாகும். சீரம் கோலினெஸ்டரேஸ் பார்த்தோம், இயல்பு. பொட்டாசியம் 3.9, ஈ.சி.ஜி. இயல்பு. நினைவாற்றல் அடிப்படை மதிப்பெண் 25/30. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் டீ குடிக்கும் பழக்கம் உண்டு. இரவுப் பணிச் செவிலியர் அதைத் தவிர்க்கச் செய்ய வேண்டும் (திட உணவும் பாலும் 6 மணி, தண்ணீர் 2 மணி).

ஒப்புதல்

தமிழ்ப் படிவம் வாசித்துக் காட்டப்பட்டது. நோயாளி மாலை 4.55-க்குத் தமிழில் கையொப்பமிட்டார். அக்காவும் மொழிபெயர்த்த செவிலியரும் சாட்சிகள். எப்போது வேண்டுமானாலும், ஊசி போடுவதற்கு முந்தைய நிமிடத்திலும், "வேண்டாம்" என்றால் நிறுத்துவோம். அதனால் மற்ற சிகிச்சை குறையாது. ஒவ்வொரு முறையும் காலையில் வாய்மொழியாகக் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். "ஒப்புதல் உள்ளது" என்று மட்டும் எழுதுவது போதாது. இடையில் திறன் குறைந்தால் சிகிச்சையை நிறுத்தி, புதிதாக மதிப்பிட்டு, பிரதிநிதியுடன் பிரிவு 89-இன்கீழ் பேச வேண்டும். பிரிவு 94-இன் அவசர சிகிச்சையில் மின்னதிர்வுச் சிகிச்சை அடங்காது.

முதல் சிகிச்சை 14.02.2025 வெள்ளி காலை 7.30. மூன்றாம் சிகிச்சைக்குப் பின், நான்காவதற்கு முன், முழு மறுமதிப்பீடு மாலை நேரத்தில், இதே செவிலியருடன்.