நேர்காணலுக்கு நன்றி – உலர்களப் பொறுப்பாளர் பணி

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று ஏற்காட்டில் உங்கள் காப்பித் தோட்ட அலுவலகத்தில் என்னை நேர்காணலுக்கு அழைத்துப் பேசியதற்கு மனமார்ந்த நன்றி. பேசி முடித்த பிறகும், தூறல் என்று பாராமல் மேஸ்திரி அம்மாவை என்னுடன் அனுப்பி, பழத்தோலை உரிக்கும் பல்ப்பர், நொதிக்க வைக்கும் தொட்டி, களம் எல்லாவற்றையும் காட்டச் சொன்னீர்கள். நொதித்தது போதுமா என்று எப்படிப் பார்ப்பது என அவரிடம் கேட்டேன். "கடிகாரத்தைப் பாக்காத கண்ணு, கையில அள்ளிப் பிசைஞ்சு பாரு. வழுக்கினா இன்னும் ஆகல, கூழாங்கல்லு மாதிரி சொரசொரன்னு இருந்தா கழுவிடலாம்" என்றார். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரம் வரும் வரை அதே நினைவுதான்.

சேலத்தில் ஜவ்வரிசி ஆலைக் களத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்ததைச் சொன்னேன். காப்பி எனக்குப் புதிது. ஆனால் சிமென்ட் களத்தில் பரப்புவதும், கிளறுவதும், மேகம் கறுத்ததும் ஆட்களைக் கூப்பிட்டுக் குவித்து மூடுவதும் எனக்குப் பழகிய வேலை. பறிப்பு தொடங்கும் நவம்பரில் மழையும் விட்டிருக்காது. மேலோட்டோடு பாதி காய்ந்த பார்ச்மென்ட் கொட்டை மறுபடி நனைந்தால் பூஞ்சை பிடித்து, கொட்டையின் நிறமும் மணமும் கெட்டுவிடும் என்று நீங்கள் சொன்னதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டேன்.

ஒரு பதிலைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். இலைக்கு மருந்தடிப்பதாகச் சொன்னேன். அது தவறு. அந்த வண்டு அரபிகா செடியின் தண்டுப் பட்டை வெடிப்புகளில்தான் முட்டை இடுகிறது. புழு தண்டுக்குள் போய்விடுகிறது. வெயில் நேராக விழும் செடிகளைத்தான் அது அதிகம் தேடி வரும். ஆகவே சில்வர் ஓக் போன்ற நிழல் மரங்களைச் சரியாக வைத்திருக்க வேண்டும், தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்து எடுக்க வேண்டும், தாக்கிய செடியைத் தோட்டத்தில் விட்டுவைக்காமல் பிடுங்கி எரிக்க வேண்டும். இரவு வீட்டுக்கு வந்ததும் என் பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அடுத்து, அறிவிப்புப் பலகைக்காக நீங்கள் எழுதச் சொன்ன குறிப்பு. அவசரத்தில் "உலர்த்தவும்" என்பதை "உளர்த்தவும்" என்றும், "கிளறவும்" என்பதை "கிழறவும்" என்றும் எழுதிவிட்டேன். "நன்றாகப் பழுத்த" என்பதில் ஒற்று விட்டுப்போனது. நீங்கள் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். அவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது ஒரு சொல். "பச்சைக் காய்களைக் களைந்துவிடவும்" என்று இருக்க வேண்டியது "கலைந்துவிடவும்" என்று இருந்தது. வேலைக்கிடையில் அண்ணாந்து பார்த்துப் படிப்பவர் அதைக் "கலந்துவிடவும்" என்று எடுத்துக்கொண்டால், ஒரு நாள் பறிப்பே பாழாகிவிடும். பலகையில் எழுதுகிறவர் இதை அலட்சியமாக நினைக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. திருத்திய குறிப்பு இதோ:

"நன்றாகப் பழுத்த பழங்களை மட்டும் பறிக்கவும். பச்சைக் காய்களைக் களைந்துவிடவும். தண்ணீரில் மிதப்பவற்றைத் தனியே எடுக்கவும். பறித்த அன்றே பல்ப்பரில் போடவும். கழுவிய கொட்டைகளைக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்தவும், அடிக்கடி கிளறவும். நேற்றையதோடு இன்றையதைச் சேர்க்கக் கூடாது. மாலையில் குவித்துத் தார்ப்பாயால் மூடவும்."

இந்தக் கடிதத்தையும் குறிப்பையும் என் அப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் அவர். இரண்டு இடங்களில் ஒற்று சேர்த்துக் கொடுத்தார். பிறகு ல, ள, ழ வரும் சொற்களை மட்டும் தனியாக ஒருமுறை பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

ஊதியம், தங்கும் அறை பற்றி நீங்கள் சொன்னவை எனக்குச் சம்மதம். இப்போதைய வேலையில் 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நீங்கள் சொன்னால் அன்றே கொடுத்துவிடுவேன். ஈரப்பத மீட்டர் பயன்படுத்திப் பழக அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை வர அனுமதித்தால், காலை முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுவேன். மேஸ்திரி அம்மாவுக்கு என் வணக்கத்தையும் நன்றியையும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பூங்கொடி
கன்னங்குறிச்சி, சேலம்